பாட்டி மூக்குல இருக்குற ஆக்ஸிஜன் ட்யூபை போட்டோல இருந்து எடுக்கணும், மூக்கே மாறிப்போகுது, உதவி பண்ணுங்க

கோத்தகிரி பேரன்:
வணக்கம். எங்க பாட்டிக்கு நிமோனியா வந்து கீழ கோயமுத்தூர்ல 11 நாள் வச்சிருந்தோம், இப்ப நல்லாகி வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆஸ்பத்திரில இருக்கும்போதுதான் அக்காவுக்கு பொறந்த குழந்தைய மொத தடவையா அவங்க மடியில வச்சோம், அந்த ஒரு போட்டோவுலதான் பாட்டி வாய்விட்டு சிரிக்கிறாங்க. அத ப்ரேம் போட்டு மாட்டலாம்னா பாட்டியே "அந்தக் கொழாய் இல்லாம போடுடா, பாக்கவே கஷ்டமா இருக்கு"னு சொல்றாங்க. ட்யூப் ரெண்டு கன்னத்துலயும் போய் காதுக்கு பின்னாடி சுத்தி தாடைக்கு கீழ எறங்குது, கையில ட்ரிப்ஸ் வேற. போன்ல அழிச்சு பாத்தேன், கன்னம் பரவால்ல, ஆனா மூக்கு வேற யாரோ மூக்கு மாதிரி ஆயிடுச்சு, எடது பக்க மூக்குத்தியும் காணாம போச்சு. லேப்டாப்ல GIMP இருக்கு, பழக்கம் கம்மி.

மலர்விழி அக்கா:
தம்பி, டாக்டர்கிட்ட கேக்காம ட்யூப கழட்டாதீங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் சில பேருக்கு ஆக்ஸிஜன் தேவைப்படும், ஊட்டி கோத்தகிரி மாதிரி ஒயரத்துல இன்னும் கவனமா இருக்கணும்.

கோத்தகிரி பேரன்:
அக்கா, பாட்டிக்கு ட்யூப டாக்டரே எடுத்துட்டாங்க, வீட்ல ஆக்ஸிஜன் இல்லாமதான் இருக்காங்க. நான் கேக்குறது போட்டோவுல இருக்குறத.

மலர்விழி அக்கா:
சரி தம்பி, அவசரத்துல தப்பா படிச்சுட்டேன். பாட்டி நல்லா இருக்கட்டும்.

ஜெகன், கூடலூர்:
இதுக்கு எதுக்கு லேப்டாப். Snapseed-ல Healing எடுத்து ட்யூப் மேல தடவுனா ரெண்டு நிமிஷம். எங்கப்பா போட்டோவுக்கு அப்படித்தான் பண்ணேன், சூப்பரா வந்துச்சு.

குன்னூர் போட்டோக்காரர்:
ஜெகன் சொன்னது கன்னத்துக்கு சரி, நல்லா ஸூம் பண்ணி சின்ன சின்னதா தடவுனா போதும். ஆனா மூக்குக்கு ஆகாது, ஏன்னா அந்த டூல் பக்கத்துல இருக்குற தோல எடுத்துதான் ஒட்டுது, மூக்குத் துவாரம் பக்கத்துல எங்கயும் கெடையாது, அப்ப அதுக்கு தெரிஞ்சத வச்சு எதையோ நெரப்பும். பேரன் தம்பிக்கு மூக்கு மாறுனது அதனாலதான்.

தம்பி, மொதல்ல ஒண்ணு கேக்குறேன், உங்க ஃபைல் எவ்வளவு பிக்ஸல்? வாட்ஸப்ல வந்ததா?

கோத்தகிரி பேரன்:
ஆமாண்ணா, அக்கா அனுப்புனது. 1200 x 1600.

குன்னூர் போட்டோக்காரர்:
அத வச்சு வேலைய ஆரம்பிக்காதீங்க. 8 x 12 இன்ச் ப்ரிண்ட்ல 12 இன்ச்சுக்கு 1600 பிக்ஸல்னா இன்ச்சுக்கு 133 தான் வரும், 300 இருந்தா நல்லது. அதோட அமுக்குன படத்துல தோலோட நுணுக்கம் ஏற்கனவே போயிருக்கும், நீங்க ஒட்டுற எடம் பளபளன்னு தனியா தெரியும். அக்கா போன்ல இருக்குற ஒரிஜினலை டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

வந்ததும் `Ctrl+Shift+D` போட்டு லேயர காப்பி எடுத்து அந்த காப்பி மேல வேலை பண்ணுங்க, கண்ணு ஐகான மூடித் தொறந்தா முன்னாடி பின்னாடி ஒத்துப் பாக்கலாம்.

கன்னத்துல ட்யூபுங்கறது ஒரு கோடு இல்ல, மூணு கோடு. மேல வெள்ளையா மின்னுற கோடு, நடுவுல கண்ணாடி மாதிரி ட்யூப், அடியில நெழல். நெறைய பேர் ட்யூப அழிச்சுட்டு நெழல விட்டுருவாங்க, அப்ப கன்னத்துல கீறல் விழுந்த மாதிரி இருக்கும். அதனால ப்ரஷ் சைஸ மூணையும் மூடுற அளவுக்கு வச்சு `Heal` எடுங்க, `Ctrl` அழுத்தி ட்யூபுக்கு ஒட்டி மேல இருக்குற தோல சொடுக்கி, சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே குட்டி குட்டியா தடவுங்க. சுருக்கத்துக்கு குறுக்க தடவுனா பாட்டிக்கு 40 வயசு தோல் வந்துரும், வீட்ல யாருக்கும் பிடிக்காது. ஒரே எடத்துல இருந்து திரும்பத் திரும்ப எடுத்தா அதே மச்சம் ரெண்டு தடவ வரும், அத வச்சே கண்டுபிடிச்சுருவாங்க, அதனால எடுக்குற எடத்த மாத்திக்கிட்டே இருங்க.

காதுகிட்ட `Heal` வேண்டாம். அங்க நரைச்ச முடி பக்கத்துல இருக்கு, `Heal` அந்த வெள்ளைய தோலுக்குள்ள இழுத்து புகை மாதிரி பண்ணிரும். அங்க `Clone`, ப்ரஷ் ஓரம் கொஞ்சம் கடினமா.

மூக்குத்திய `Free Select` வச்சு சுத்தி வரைஞ்சு `Ctrl+I` போட்டா அது பூட்டுன மாதிரி, ப்ரஷ் அத தொடாது.

கோத்தகிரி பேரன்:
மூக்குத் துவாரம் ரெண்டுலயும் ட்யூப் நுழைஞ்சிருக்கே அண்ணா, ஒரு பக்கத்த திருப்பி இன்னொரு பக்கம் ஒட்ட முடியாதுல்ல?

குன்னூர் போட்டோக்காரர்:
முடியாது. வேற போட்டோவுல இருந்துதான் எடுக்கணும். இப்ப வீட்லதான இருக்காங்க, ஆஸ்பத்திரி படத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாத்து அதே மாதிரி ஜன்னல் பக்கத்துல உக்கார வச்சு அதே சாய்வுல ஒண்ணு எடுங்க. ஃபிளாஷ் போட்டா துவாரத்துக்குள்ள நெழலே இல்லாம போகும், ஒட்டவே ஒட்டாது. மூக்கு நுனியும் துவாரமும் மட்டும் வெட்டி தனி லேயரா வச்சு, அளவு மாத்தி, ஓரத்த மட்டும் மென்மையா அழிங்க. சிரிக்க வச்சு எடுங்க, சிரிக்கும்போது மூக்கு அகலமாகும், சும்மா இருக்குற மூக்க சிரிக்கிற முகத்துல வச்சா ஏதோ தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், என்னன்னுதான் சொல்லத் தெரியாது.

கையில ட்ரிப்ஸ நான் தொட மாட்டேன். கைக்கு மேல வெட்டிருங்க.

கோத்தகிரி பேரன்:
வெட்டுனா குழந்தை கால் போயிரும்.

குன்னூர் போட்டோக்காரர்:
அப்ப துணி மேல போற குழாய மட்டும் எடுங்க, பிளாஸ்திரி அப்படியே இருக்கட்டும். குழந்தைய சுத்துன துணி கட்டம் போட்டதுன்னா `Heal` கட்டத்த வளைச்சிரும், `Clone` வச்சு கோட்டோட கோடு சேர்த்து ஒட்டணும்.

தாமரை, ஊட்டி:
எல்லாரும் எடுக்கச் சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்றேன். எங்கம்மாவுக்கு நான் இதே மாதிரி ட்யூப எடுத்து ப்ரேம் போட்டேன், ஒரிஜினல வச்சுக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவே கேட்டாங்க, நான் அவ்ளோ மோசமா இருந்து எந்திரிச்சேன், அந்தப் படம் எங்கன்னு. குடுக்க எதுவும் இல்ல. தயவுசெஞ்சு அந்த ஃபைல வேற பேர்ல வச்சிருங்க.

ஜெகன், கூடலூர்:
ட்யூபோட மாட்டுனா வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் என்னாச்சுன்னுதான் கேப்பாங்க. பாட்டியே வேண்டாங்குறாங்க, அவங்க பேச்சுதான் முக்கியம்.

தாமரை, ஊட்டி:
மாட்ட வேண்டாம்னுதான் நானும் சொல்றேன், அழிக்காதீங்கன்னு மட்டும்தான்.

கோத்தகிரி பேரன்:
நாலு நாள் ஆச்சு, சொல்லிர்றேன். அக்கா அனுப்புன ஒரிஜினல் 3000 x 4000 இருந்துச்சு. பனி மூடி ரெண்டு நாள் வெளிச்சமே இல்ல, நேத்து காலைல கொஞ்சம் தெளிஞ்சதும் ஜன்னல்கிட்ட உக்கார வச்சேன், சிரிக்கவே மாட்டேன்னாங்க, குழந்தைய வீடியோ கால்ல காட்டுனதும் சிரிச்சுட்டாங்க, அந்த மூக்கதான் எடுத்தேன். மூக்குத்தி தப்பிச்சுது. கட்டம் போட்ட துணியில ஒரு எடம் கொஞ்சம் கோணலா இருக்கு, விட்டுட்டேன். ஒரிஜினல் அக்கா போன்லயும் என் ட்ரைவ்லயும் இருக்கு.

ஒண்ணுதான் பாக்கி. ட்யூப் அமுக்குன தடம் வலது கன்னத்துல பள்ளமா தெரியுது, அழிச்சா கன்னம் உப்புன மாதிரி ஆகுது.

குன்னூர் போட்டோக்காரர்:
முழுசா அழிக்காதீங்க. கன்னம் சரிபண்ண லேயர `Ctrl+Shift+D` போட்டு இன்னொரு காப்பி எடுத்து, தடத்த அந்த காப்பியில மட்டும் அழிச்சு, அதோட `Opacity` 50-க்கு கொண்டு வந்து பாருங்க, சுருக்கத்தோட சுருக்கமா கலந்துரும். கலக்கலன்னா படத்த எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.