ஐந்து ஓட்டை கவர்: பி.சி.டி. எதை வைத்துத் துளைப்பது?

சின்னப் பட்டறை

பழைய பம்பு ஒன்றின் வட்டக் கவர் விரிசல் விட்டு வந்திருக்கிறது. வார்ப்பிரும்பு. ட்ராயிங் கிடையாது, பெயர்த் தகடும் தேய்ந்து போய்விட்டது. 20 மில்லி எம்.எஸ். தகட்டில் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். சுற்றிலும் 14 மில்லி ஓட்டை ஐந்து. கேசிங்கில் எம்12 ஸ்டட். நடுவில் கேசிங்குக்குள் உட்கார்ந்து சென்டர் பிடிக்கிற ஸ்பிகாட் இருக்கிறது, அதை லேத்தில் பிடித்துவிடுவேன். பிரச்சினை ஓட்டைகள்தான்.

பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் சென்டர் தூரத்தை வெர்னியரில் எடுத்தேன்: 87.6, 88.3, 87.8, 88.4, 87.6. 87.6-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பி.சி.டி., அதாவது ஓட்டை சென்டர்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், 149 வருகிறது. 88.4-ஐ வைத்தால் 150.4. எதை நம்புவது? மில்லிங்கில் டேபிள் நகர்வை எண்ணில் காட்டும் டி.ஆர்.ஓ. இருக்கிறது. எக்ஸ், ஒய் கிடைத்தால் துளைத்துவிடலாம். இது மாதிரி வேலை பார்த்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

வண்டி வீல்

அண்ணே, இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? கார் வீலுக்கு நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஐந்து ஓட்டை என்றால் ஒரு ஓட்டையின் நடுவில் டேப்பை வைத்து, ஒன்று விட்டு அடுத்த ஓட்டையின் வெளி விளிம்பு வரை அளந்தால் அதுதான் பி.சி.டி. 114.3 வீலுக்கு அப்படித்தான் சொல்லுவோம், ஒரு தடவையும் தப்பியதில்லை. போன மாதம்கூட ஒருவர் 112 பி.சி.டி. வீலை 114.3 ஹப்பில் மாட்டப் பார்த்தார். நட்டு ஏறுகிற மாதிரி ஏறி நடுவில் இறுகிக்கொண்டது. உங்கள் வண்டி என்ன மாடல் என்று சொன்னால் நானே சொல்லிவிடுவேன்.

சின்னப் பட்டறை

வண்டி இல்லை தம்பி, பம்பு. ஆனாலும் நீங்கள் சொன்னபடி அளந்து பார்த்தேன், 149.3 வந்தது. கிட்டத்தட்ட சரியாகத்தான் இருக்கிறது.

டூல் ரூம்

கிட்டத்தட்ட சரியாக வருவது தற்செயல். ஐந்து ஓட்டையில் ஒன்று விட்டு அடுத்த ஓட்டைக்குப் போனால் சென்டர் தூரம் பி.சி.டி.யில் 0.951 பங்குதான். 150-க்கு அது 142.66. மிச்சம் குறைகிற 7.34-ஐ ஈடுகட்டத்தான் வெளி விளிம்பு வரை போகிறார்கள், அதாவது ஓட்டையின் பாதியைக் கூட்டுகிறார்கள். உங்கள் ஓட்டை 14, பாதி 7. அதனால் பொருந்திவிட்டது. இதே 150-இல் ஓட்டை 10 மில்லியாக இருந்திருந்தால் 147.66 என்று காட்டியிருக்கும். வீலில் ஸ்டட் தடிமனும் பி.சி.டி.யும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதால் அந்தத் தம்பிக்கு இதுவரை தப்பவில்லை.

ஆனால் ஒன்று விட்டு அளக்கச் சொன்னது சரியான யோசனை. பக்கத்து ஓட்டையை வைத்துக் கணக்குப் போட்டால் 0.588-ஆல் வகுக்கிறோம். உங்கள் கை 0.3 தப்பினால் பி.சி.டி. அரை மில்லி தப்பும். ஒன்று விட்டு அளந்தால் வகுப்பது 0.951-ஆல், தப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும், பெருகாது. எட்டு ஓட்டை ஃபிளாஞ்சில் பக்கத்து ஓட்டையை அளந்தால் இன்னும் மோசம், தப்பு 2.6 மடங்கு ஆகும். அங்கே நேர் எதிர் ஓட்டை இருக்கிறது, அதை அளந்தால் வகுக்கவே வேண்டாம். ஒற்றைப்படை ஓட்டைக்கு எதிரே எதுவும் இருக்காது, அதனால் எட்டின வரை தூரமான ஓட்டை.

எதை வைத்து அளந்தீர்கள்?

சின்னப் பட்டறை

வெர்னியரின் பெரிய தாடை இரண்டையும் ஓட்டைகளுக்குள் விட்டு, நடுவில் உள்ள இரும்பைக் கவ்வி அளந்தேன். அதோடு 14 கூட்டினேன்.

டூல் ரூம்

அங்கேயே கொஞ்சம் போகும். ஓட்டைச் சுவர் குழிவாக இருக்கிறது, தாடை தட்டை. தாடை அகலம் 3 மில்லி என்றால் அதன் இரண்டு ஓரம்தான் சுவரில் படும், நடு படாது. 14 மில்லி ஓட்டையில் ஒரு பக்கத்துக்கு 0.16 இடைவெளி நிற்கும். இரண்டு பக்கம் சேர்த்து 0.3 கூடுதலாகக் காட்டும். அதோடு 14 என்று நீங்கள் கூட்டியது டிரில் சைஸ், தேய்ந்த ஓட்டை எவ்வளவோ யார் கண்டது.

ஓட்டைக்குச் சரியாக நிற்கிற பின் இரண்டு லேத்தில் திருப்பிக்கொள்ளுங்கள். ஆடக் கூடாது. பின்களின் வெளிப்பக்கம் அளந்து ஒரு பின் விட்டத்தைக் கழித்தால் சென்டர் தூரம் கிடைக்கும். பின் திருப்ப நேரமில்லை என்றால் உள் விளிம்பு தூரம், வெளி விளிம்பு தூரம் இரண்டையும் எடுத்து சராசரி போடுங்கள். ஓட்டை சைஸ் தன்னால் அடிபட்டுப் போகும். ஆனால் ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் இந்தச் சராசரி பொய் சொல்லும்.

பழைய ஃபிட்டர்

நாங்கள் இருந்த காலத்தில் டிவைடர்தான். பி.சி.டி. வட்டம் போட்டு, டிவைடரை 88.17-க்கு வைத்து நடந்து வருவோம். முதல் புள்ளியில் திரும்ப வந்து சேர்ந்தால் சரி. சேராது. 0.2 கூட வைத்திருந்தால் ஐந்தாவது அடியில் ஏறக்குறைய 1.2 மில்லி தள்ளி நிற்கும். அப்புறம் அந்த மிச்சத்தை ஐந்தாகப் பங்கிட்டு டிவைடரைத் தட்டித் தட்டிக் குறைத்து மறுபடி நடக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் எல்லா மிச்சத்தையும் கடைசி ஓட்டையிலேயே தள்ளிவிடுவான். பழைய கவரில் ஒரு ஓட்டை மட்டும் ஒதுங்கி இருந்தால் அவன் வேலைதான்.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய கவரையே தகட்டின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு அந்த ஓட்டை வழியாகவே குறி போட்டால் என்ன? இத்தனை கணக்கு வேண்டாமே.

டூல் ரூம்

ஐயா, அப்படியும் செய்யலாம். ஆனால் விரிசல் விட்ட கவர், அதன் தேய்மானமும் சேர்ந்து புதியதுக்கு வந்துவிடும். எனக்கு மனசு வரவில்லை.

சின்னப் பட்டறை

14 மில்லி பின் திருப்பி, ஒன்று விட்டு ஒன்று ஐந்தும் அளந்துவிட்டேன். 142.2, 142.5, 142.1, 142.4, 142.3. சராசரி 142.3. 0.951-ஆல் வகுத்தால் 149.6. பக்கத்து ஓட்டைகளையும் பின் போட்டு மறுபடி பார்த்தேன், முன்னே வந்த மாதிரியேதான் வருகிறது. அவற்றின் சராசரி 87.94, அதிலும் 149.6. இப்போது வேறு குழப்பம்: 150-ஆ, இல்லை பழைய அங்குலக் கணக்கா? ஐந்தே முக்காலே அரைக்கால் அங்குலம் 149.2.

டூல் ரூம்

நல்ல அளவு. இதில் ஒரு விஷயம் தெரிகிறது. ஒன்று விட்டு அளந்ததில் வித்தியாசம் 0.4. பக்கத்து ஓட்டை அளவில் 0.8. ஒரு ஓட்டை வட்டத்தை விட்டு வெளியேயோ உள்ளேயோ போயிருந்தால், அதைத் தொடும் ஒன்று விட்ட அளவு இரண்டும் சேர்ந்தே கூடும் அல்லது குறையும். வட்டத்தின் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் ஒன்று விட்ட அளவில் அவ்வளவாகத் தெரியாது, பக்கத்து அளவில்தான் ஒன்று கூடி ஒன்று குறையும். உங்களுக்கு இரண்டாவது கதை. வட்டம் நன்றாக இருக்கிறது, பங்கீடு கையால் போட்டது. ஐயா சொன்ன டிவைடர் வேலையாக இருக்கலாம்.

கவரை அளந்தது போதும், கேசிங் ஸ்டட்டுகளையும் அளந்து பாருங்கள். அங்கேதான் கவர் உட்கார வேண்டும். ஸ்டட்டின் மரை இல்லாத பகுதி தெரிந்தால் அதன் மேல் அளவு எடுங்கள். வளைந்த ஸ்டட்டை விட்டுவிடுங்கள்.

சிஎன்சி கை

எக்ஸ், ஒய் நான் தருகிறேன். 150 என்று வைத்தால் ஆரம் 75. முதல் ஓட்டை உச்சியில், அதாவது 90 டிகிரியில். எக்செலில் ஏ2-இல் ஓட்டை எண்ணைப் போட்டு:

```
X: =75*COS(RADIANS(90+72*(A2-1)))
Y: =75*SIN(RADIANS(90+72*(A2-1)))

1     0.000    75.000
2   -71.329    23.176
3   -44.084   -60.676
4    44.084   -60.676
5    71.329    23.176
```

`RADIANS` விட்டுப்போகக் கூடாது. எங்கள் பட்டறைக்கு வந்த அப்ரெண்டிஸ் பையன் `COS(72)` என்று மட்டும் போட்டிருந்தான், -0.967 காட்டியது. டிகிரிக்கு 0.309 வர வேண்டும். துளைக்கும் முன் இரண்டு சோதனை: எக்ஸ் எல்லாம் கூட்டினால் பூஜ்யம், ஒய் எல்லாம் கூட்டினாலும் பூஜ்யம். அப்புறம் 3-க்கும் 4-க்கும் தூரம் 88.168, பக்கத்து ஓட்டை தூரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

டி.ஆர்.ஓ.வில் வட்ட ஓட்டை ஃபங்ஷன் இருந்தால் இதுகூடத் தேவையில்லை. ஆரம்பக் கோணம் கேட்கும், அதில் கவனம். பூஜ்யம் என்று விட்டால் முதல் ஓட்டை வலது பக்கம் போய் உட்காரும். கவரில் வேறு ஏதாவது இருக்கிறதா?

சின்னப் பட்டறை

அடியில் ட்ரெயின் பிளக் இருக்கிறது. இரண்டு ஓட்டைக்கு நடுவில், நேர் கீழே.

சிஎன்சி கை

அப்போது 90-தான் சரி. கீழே 3-க்கும் 4-க்கும் நடுவில் வந்துவிடும். பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் எல்லாமே 18 டிகிரி திரும்பி, ட்ரெயின் அடியில் இருக்காது, தண்ணீர் முழுசாக வடியாது. உங்கள் டி.ஆர்.ஓ. கோணத்தை எந்தப் பக்கம் எண்ணுகிறது என்று காற்றில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். உங்கள் கவர் இடது வலது ஒரே மாதிரி, அதனால் திருப்பிப் போட்டாலும் தப்பிக்கலாம். ஒரு ஓட்டை மட்டும் ஒதுங்கிய கவரில் முன் பக்கம் அளந்து பின் பக்கம் துளைத்தால் அவ்வளவுதான்.

சின்னப் பட்டறை

ஸ்டட்டுகளை அளந்தேன். ஒன்று வளைந்திருக்கிறது, அது போக மற்றதில் 149.4 முதல் 149.8 வரை. இதிலும் தெளிவாகவில்லை. 150-ஆ 149.2-ஆ?

டூல் ரூம்

இந்த வேலைக்கு இரண்டும் ஏறும். 14 மில்லி ஓட்டை, 12 மில்லி ஸ்டட், சுற்றிலும் 1 மில்லி இடம் இருக்கிறது. பி.சி.டி. 0.4 தப்பினால் ஒவ்வொரு ஓட்டையும் 0.2 தான் தள்ளும். பங்கீட்டுத் தப்பு அரை மில்லி சேர்ந்தாலும் உள்ளேதான். சென்டரை ஸ்பிகாட் பார்த்துக்கொள்ளும். நான் என்றால் 149.6-ஐயே போடுவேன், ஆரம் 74.8.

சிஎன்சி கை

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 150 போட்டால் நாளைக்கு யாராவது அளந்தாலும் முழு எண் கிடைக்கும். ட்ராயிங் போடும்போது 149.6 என்று எழுதினால் அடுத்தவன் அதை வைத்துக் கேசிங்கையும் மாற்றுவான்.

பழைய ஃபிட்டர்

கேசிங் பழைய அங்குலப் பம்பு மாதிரி தெரிகிறது. ஸ்டட் எம்12-ஆ, அரை அங்குல விட்வொர்த்தா, நட்டைக் கழற்றி மரை கேஜ் வைத்துப் பார்த்தாயா தம்பி? 12.7 மில்லி ஸ்டட்டாக இருந்தால் உன் இடைவெளி 1 மில்லி இல்லை, 0.65 தான். அதற்குமேல்தான் பி.சி.டி. பேச்சு.