ஈ காலைத் தேய்ப்பதற்கு ஒரு சொல் தேவை

தேனி ஆசிரியை எழுதியது:

அன்பர்களே, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான அறிவியல் செயல்பாட்டு நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். வீட்டு ஈ ஏன் முன்கால்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது என்ற பாடத்தில் சிக்கிக்கொண்டேன். மூலத்தில் மூன்று செயல்கள் வேறுவேறாகப் பேசப்படுகின்றன. ஈ தன் உடலைச் சுத்தம் செய்யும் பழக்கம் முழுவதும் குரூமிங்; காலால் தலையையோ உடலையோ வழித்தெடுப்பது ஒன்று; பிறகு காலோடு காலைத் தேய்ப்பது இன்னொன்று. மூன்றுக்கும் 'தேய்த்தல்' என்றே எழுதியதால், 'ஈ தேய்த்த பிறகு தேய்க்கிறது' என்றொரு வரி வந்து நிற்கிறது. சொல் உதவுங்கள்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

'கோதுதல்' இருக்கையில் தேடுவானேன், அம்மா? பறவை இறகைக் கோதுகிறது, தாய் மகள் கூந்தலைக் கோதுகிறாள். கோது என்றால் சக்கை, குற்றம். 'கோதிலா' என்று பாடல்களில் வருவதும் இதுவே. ஆகவே கோதுதல் என்பது சக்கையைக் களைதலாகவே இருக்கலாம். கூந்தலையும் மாலையையும் குறிக்கும் 'கோதை'யும் இவ்வேரில் கிளைத்ததே என்பது என் துணிபு. கோதிச் சீராக்கியதே கோதை. தன்னைத் தானே செய்துகொள்வதால் 'தற்கோதல்' என்க.

கோவைப் பூச்சியியலார் எழுதியது:

புலவர் ஐயாவின் கோதை ஆய்வுக்குள் நான் வரவில்லை. ஆனால் ஆசிரியை காட்டிய மூன்று செயல்களின் வேறுபாடு மிக முக்கியமானது. அதைச் சொல்லில் தொலைத்துவிட்டால் பாடமே போய்விடும்.

முன்கால்கள் கண்களையும் உணர்கொம்புகளையும் வழித்தெடுக்கும்போது, அங்கிருந்த தூசி கால் மயிர்களுக்கு மாறுகிறது. அடுத்து அந்த மயிர்களைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்காகவே இரண்டு கால்களும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன, தூசி உதிர்ந்துவிடுகிறது. முகத்தைத் துடைத்த துணியை உதறுவது போன்றதுதான் இது. அதனால்தான் வழிப்பதும் தேய்ப்பதும் மாறிமாறி வருகின்றன. வயிற்றையும் இறக்கையையும் பின்கால்கள் பார்த்துக்கொள்கின்றன. அவையும் பிறகு தங்களுக்குள் தேய்த்துக்கொள்ளும். முன்கால்கள் நம் கண்ணுக்கு நேரே இருப்பதால் அவற்றை மட்டும் கவனிக்கிறோம்.

பழ ஈக்களைச் சாயத்தூளில் புரட்டிவிட்டு அவற்றைக் கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. உடல் முழுவதும் தூள் படிந்த ஈ கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. முதலில் கண், அடுத்து உணர்கொம்பு, பிறகு வயிறு, இறக்கை, கடைசியில் முதுகு என்ற வரிசையைப் பெரும்பாலும் பின்பற்றுகிறது. முன்னுரிமை உடைய உறுப்பில் தூள் இருக்கும்வரை மற்றவை அடங்கிக் காத்திருக்கின்றன; அந்த உறுப்பு சுத்தமானதும் அடுத்தது தலைதூக்குகிறது.

சென்னை மென்பொருளாளர் எழுதியது:

ஈக்குச் சுவை தெரிவது காலில்தான் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் உணவின் மேல் நின்று காலைத் தேய்ப்பது சுவை பார்ப்பதற்குத்தானே? 'சுவைத்தேய்ப்பு' என்று வைத்தால் காரணமும் சொல்லுக்குள் வந்துவிடும்.

கோவைப் பூச்சியியலார் எழுதியது:

பாதிச் சரி, தம்பி. பாதத்தில் சுவை மயிர்கள் உண்டு. பசித்த ஈயின் பாதத்தில் சர்க்கரைத் தண்ணீர் பட்டாலே போதும், உறிஞ்சுகுழல் நீண்டுவிடும். அதற்குத் தேய்க்க வேண்டிய தேவை இல்லை. சுவை மயிர்மேல் அழுக்குப் படிந்தால் சுவை மங்கும் என்பதால், தேய்ப்பது சுவை பார்ப்பதற்கான ஆயத்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். உணர்கொம்புக்கும் இதே கதைதான். சுத்தம் செய்ய முடியாதபடி தடுத்தால், வெளித்தூசி மட்டுமன்றிப் பூச்சியின் தோலிலேயே சுரக்கும் மெழுகும் உணர்கொம்பில் சேர்ந்துவிடுகிறது. கரப்பான் பூச்சியிலும் வீட்டு ஈயிலும் 2013இல் இதைக் காட்டியிருக்கிறார்கள். கரப்பானின் மோப்பத்திறன் குறைவதும் அதில் பதிவாயிற்று.

விருதுநகர் இனிப்புக்கடைக்காரர் எழுதியது:

எங்கள் கடையில் லட்டுத் தட்டின்மேல் உட்கார்ந்ததும் இதைத்தான் செய்கிறது. இவ்வளவு சுத்தம் பார்க்கிற பூச்சி உட்கார்ந்த பண்டத்தை விற்றால் பாதகமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கோவைப் பூச்சியியலார் எழுதியது:

கூடாது ஐயா. சுத்தமாவது ஈயின் உடம்பு. உதிர்வது உங்கள் லட்டின்மேல். சாணத்தில் நடந்த காலின் மயிர்களில் ஒட்டியது அங்கேதான் விழும். திட உணவைக் கரைக்கக் கக்குவதும், அங்கேயே எச்சமிடுவதும் வேறு இருக்கின்றன. தட்டை மூடி வையுங்கள்.

யாழ்ப்பாண மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

பிள்ளைகளுக்கு விளங்குகின்ற சொல்லாக இருக்க வேண்டாமா? 'தற்கோதல்' என்றால் எங்கள் மாணவர்கள் தற்கொலையோ என்று கேட்பார்கள். 'உடற்துப்புரவு' என்று வைத்தால் எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

தஞ்சைப் புலவர் எழுதியது:

துப்புரவுக்குச் சுத்தம் என்ற பொருள் பிற்காலத்தில் வந்தது. 'துப்புர வில்லார் துவரத் துறவாமை' என்று வள்ளுவர் சொல்லுமிடத்தில் அது நுகரும் பொருளைக் குறிக்கும். ஈக்கு உடற்துப்புரவு என்றால் உடலால் நுகர்வது என்றாகிவிடும்! மேலும், 'நண்டும் தும்பியும் நான்கறி வினவே' என்று வகுத்த மரபில், ஈயைத் தும்பியோடு சேர்த்தால் தொடுதல், சுவை, மோப்பம், காட்சி என நான்கும் உண்டு. அந்த நான்கின் கருவிகளையும் அது கோதிப் பேணுகிறது என்னும்போது, 'தன்' என்ற முன்னொட்டு பொருந்தவே செய்கிறது.

யாழ்ப்பாண மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி எதை நுகர்கிறார் என்று ஐயா சொன்னால் நல்லது. இன்றைக்கு வழங்கும் பொருளை விட்டுவிட்டுக் குறட்பொருளில் பாடநூல் எழுத முடியாது.

கோவைப் பூச்சியியலார் எழுதியது:

'தன்' பற்றி ஒரு தயக்கம். தலை அகற்றப்பட்ட பழ ஈயின் உடலில் ஒரு மயிரைத் தொட்டால், அந்த இடத்துக்கே கால் சென்று வழிக்கும். இயக்கத்துக்கான நரம்புச் சுற்று மார்பில் இருப்பதால் மூளை இல்லாமலே இது நடக்கிறது. எதை முதலில் செய்வது என்ற வரிசையில் மூளைக்கு எவ்வளவு பங்கு என்பது வேறு விவாதம். 'தன்' என்றால் ஈ தன்னைப் பற்றி நினைத்துச் செய்வதாக மாணவர்கள் எண்ணலாம். 'மெய்கோதல்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வழித்தெடுப்பதற்கு 'வாரல்', காலோடு கால் தேய்ப்பதற்கு 'காலுரசல்' என்று பிரித்துக்கொள்ளலாம்.

தேனி ஆசிரியை எழுதியது:

இன்று வகுப்பில் பார்த்தோம். சுண்ணத்தூள் சிறிது போட்ட கண்ணாடிக் குப்பியில் ஓர் ஈயை விட்டுக் குலுக்கி, வேறு குப்பிக்கு மாற்றினோம். கண்ணை வாரியதும் காலுரசல், மறுபடி வாரல், மறுபடி காலுரசல் என்று மாணவர்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 'மெய்கோதல்' என்றபோது மட்டும், ஈக்கு இறகு இல்லையே என்று ஒரு பெண் கேட்டாள். மயிர் இருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் நாளை வெள்ளி என்பதால் இந்த மூன்றையுமே அனுப்புகிறேன்.

சென்னை மென்பொருளாளர் எழுதியது:

எனக்குச் சம்மதம். 'சுவைத்தேய்ப்பை' மீட்டுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாண மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வாரலும் காலுரசலும் நன்று. மெய்கோதலுக்கு மட்டும் நான் உடன்படவில்லை. எங்கள் கைந்நூலில் உடற்துப்புரவு என்றே போடுகிறேன்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

'உடற்றுப்புரவு' என்று புணர்த்தியாவது போடுங்கள்.