பெயர் தெரியாத உங்களுக்கு: ஸ்டெம் செல் கொடுத்தவன் எழுதும் கடிதம்

நூல்காரன்

ஏழு மாதத்துக்கு முன்னால் என் ரத்தத்திலிருந்து, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்கு என்று எனக்குத் தெரியாது. கொடுப்பவர்களைப் பதிந்து வைத்து நோயாளியோடு பொருத்தும் ரெஜிஸ்ட்ரி வழியாக ஒரு கடிதம் அனுப்பலாம். பெயர், ஊர், மருத்துவமனை, தேதி எது இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் படித்துவிட்டு, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

*வணக்கம். நீங்கள் நாற்பதைத் தாண்டியவர், ரத்தப் புற்றுநோய். என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.*

*கல்லூரியில் ஒரு முகாமில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தேன். ஆறு வருடம் கழித்து போன் வந்தது. மறுபடி ரத்தம் எடுத்து மேட்ச் சரிபார்த்தார்கள், உடம்பு முழுக்கப் பரிசோதித்தார்கள். கையெழுத்துக்கு முன் டாக்டர் சொன்னார்: “இப்போது வேண்டாம் என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே அவருடைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து தொடங்கிய பிறகு நீங்கள் விலகினால் அவருக்குத் திரும்ப வழியில்லை.” நான் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து பைக்கைத் தொடவில்லை. வீட்டில் யாராவது தும்மினால் வேறு அறைக்குப் போனேன். எனக்கு ஏதாவது ஆனால் அது உங்களுக்கும் ஆகும் என்ற நினைப்பு.*

*ஐந்து நாள் ஊசி. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களைப் பெருக்கி ரத்தத்துக்குள் வரவைக்கும் மருந்து அது. மூன்றாம் நாள் இரவு இடுப்பும் முதுகும் உள்ளிருந்தே குடைந்தன. புரண்டு படுத்தால் நெஞ்செலும்பு வலித்தது. பாராசிட்டமால் போட்டால் மூன்று மணி நேரம் தூங்கலாம். அந்த இரவில் உங்களைத்தான் நினைத்தேன். நீங்களும் எங்கோ ஒரு கட்டிலில் விழித்திருப்பீர்கள் என்று தோன்றியது.*

*ஐந்தாம் நாள் காலையில் ஒரு கையில் எடுக்கும் ஊசி, மறு கையில் திரும்ப ஏற்றும் ஊசி. நடுவில் மெஷின். நாலரை மணி நேரம் கையை மடக்க முடியாது. அம்மாதான் தயிர்சாதம் ஊட்டினாள். பாதியில் உதடும் விரல் நுனியும் மரத்து ஊறின. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைக்கும் என்று சொல்லி, நர்ஸ் மெஷினின் வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. தலைக்கு மேலே ஒரு சின்னப் பை. தக்காளிச் சாறு நிறத்தில் மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது.*

*சாயங்காலம், எண்ணிக்கை போதவில்லை, நாளையும் வர வேண்டும் என்றார்கள். என் உடம்பில்தான் குறையோ என்று அழுதேன். மறுநாள் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஒருவர் குளிர்ப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய்ப் பார்த்தேன்.*

*உங்களுக்கு அது ஒட்டியிருக்க வேண்டும். வாய்ப்புண் ஆறி நீங்கள் காரமாக ஒரு வாய் சாப்பிட்டிருக்க வேண்டும். பதில் எழுத முடியவில்லை என்றால் எழுத வேண்டாம்.*

முத்துவேல்

தம்பி, பெரிய காரியம். ஆனால் முதுகெலும்பில் ஊசி போட்டு எடுப்பார்கள், பிறகு இடுப்புக்குக் கீழே வராமல் போகும் என்று எங்கள் மாமா சொல்வார். உனக்கு ரத்தத்தில் எடுத்ததால் தப்பித்தாய் போல. எனக்கு ஓ பாசிட்டிவ், நான் எல்லாருக்கும் கொடுக்கலாமே?

வார்டு அக்கா

அண்ணா, மஜ்ஜையாக எடுத்தாலும் முதுகெலும்பைத் தொடுவதில்லை. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். சில நாள் உட்கார வலிக்கும், அவ்வளவுதான். ரத்த வகையும் ஒத்துப்போக வேண்டியதில்லை. பார்ப்பது எச்.எல்.ஏ. என்று செல்களின் மேல் இருக்கும் அடையாளக் குறிகளை. அது அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வரும். அதனால் கூடப்பிறந்த ஒருவர் முழுசாக ஒத்துப்போகும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். மீதிப்பேருக்கு வெளியில்தான் தேட வேண்டும்.

தம்பி, இரண்டாம் நாள் வரச் சொன்னது உங்கள் குறை இல்லை. எண்ணிக்கையை நோயாளியின் எடைக்குப் பார்ப்போம். கிலோவுக்கு 40 லட்சம் செல் வேண்டும் என்று டாக்டர் கேட்டதாக வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு 28 கோடி. முதல் நாள் பையில் 19 கோடி இருந்தால் கிலோவுக்கு 27 லட்சம்தான் ஆகிறது. அதை வைத்தும் சிலர் ஏற்றுவார்கள். 20 லட்சத்துக்குக் கீழே போனால்தான் ரொம்பக் கவலை, ஒட்டுவதற்கு நாளாகும். ஒல்லியான ஆள் பெரிய உடம்புக்காரருக்குக் கொடுக்கும்போது இப்படி நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே ஊசியைப் போட்டாலும் ஒருவருக்கு நிறைய வரும், இன்னொருவருக்கு வராது.

கயல் அம்மா

என் மகளின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்திருக்கிறோம். இப்போது என் தம்பிக்கு லுகேமியா. அவனுக்கு அதைக் கொடுக்கலாமா? கேள்வி இடம் மாறி வந்திருந்தால் மன்னியுங்கள். வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை.

வார்டு அக்கா

மன்னிப்பெல்லாம் எதற்கு அம்மா. அந்தப் பையில் இருக்கும் செல் பெரியவர் உடம்புக்குப் பெரும்பாலும் போதாது. குழந்தைக்கு உங்கள் பக்கத்திலிருந்து பாதிதான் வந்திருக்கும், மேட்ச் ஆவதும் கடினம். முதலில் நீங்களும் மற்ற உடன்பிறந்தவர்களும் எச்.எல்.ஏ. பாருங்கள். பாதி மேட்ச்சிலும் இப்போது மாற்றுகிறார்கள். தம்பியைப் பார்க்கும் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாம் பிறந்தநாள்

நான் வாங்கியவன். மூன்று வருடம் ஆகிறது. நீங்கள் பையைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஏறி முடிந்தது. சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருந்தது, இதற்காகவா இத்தனை நாள் என்று மனைவியிடம் கேட்டேன். அதற்கப்புறம்தான் கஷ்டம். வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது, தினமும் காலையில் வெள்ளை அணு எண்ணிக்கை பூஜ்யம் என்பார்கள். 17-ஆம் நாள் கொஞ்சம் ஏறியது. நர்ஸ் ஓடி வந்து சொன்னார். பிறகு உள்ளங்கையில் தடிப்பு வந்தது. புதிய செல்கள் என் உடம்பை அந்நியமாகப் பார்த்ததால் அது. மருந்தில் அடங்கியது, இன்னும் முழுசாகப் போகவில்லை. நான் பி பாசிட்டிவ், இப்போது ஓ பாசிட்டிவ். கொடுத்தவரின் ரத்தம்தான் ஓடுகிறது.

எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. நானும் எழுதவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமலே நாள் போய்விட்டது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்றாம் நாள் வலியை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் நான் படித்திருந்தால், என்னால் ஒருவர் துடித்தாரே என்று தாங்கியிருக்க மாட்டேன்.

வார்டு அக்கா

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலிக்கவே இல்லை என்று எழுதினால் படிப்பவருக்கு அது மருந்துக் கம்பெனி காகிதம் மாதிரி இருக்கும். எங்கள் வார்டில் ஒரு பெண், தனக்கு வந்த கடிதத்தில் “எனக்கும் பயமாக இருந்தது” என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

முத்துவேல்

அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுச் சொல்ல மாட்டார்களா தம்பி?

நூல்காரன்

கேட்டேன் அண்ணா. சிகிச்சை செய்த இடத்திலிருந்து தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். இதுவரை வரவில்லை. இருவரும் சம்மதித்தால் பிறகு ஒருநாள் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். திரும்பவும் செல் தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் போனை மாற்றவே இல்லை.

இரண்டாம் பிறந்தநாள் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததிலிருந்து அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இடுப்பு, நெஞ்செலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ‘நீங்களும் எங்கோ ஒரு கட்டிலில் விழித்திருப்பீர்கள்’ என்பதை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

இரண்டாம் பிறந்தநாள்

அது இருக்கட்டும். விழித்துத்தான் இருந்தேன்.