குடும்பக் குழு: பெற்றோல் செட்டில் நேற்று

சின்னத் தம்பி: நேற்று மாலை ஹட்டன் டவுனில் பெற்றோல் அடிக்கும்போது என் பைக் டேங்க் வாயில் தீ பிடித்துவிட்டது. கை முடி கருகியதோடு சரி. அம்மாவிடம் யாரும் சொல்லாதீங்க.

சித்தி: ஐயோ கடவுளே! போன் பேசிக்கொண்டிருந்தாயா?

சின்னத் தம்பி: இல்லை சித்தி, போன் பையில்தான் இருந்தது. எஞ்சினையும் நிறுத்தியிருந்தேன். கினிகத்தேனையில் இருந்து ஏறி வந்த வண்டி. ஃபுல் டேங்க் கேட்டேன், நிரம்பி எஞ்சின் மேல் வழிந்தது. குப்பென்று பிடித்தது.

செட் மாமா: பைக்கை விட்டு இறங்கினாயா, மேலேயே உட்கார்ந்திருந்தாயா?

சின்னத் தம்பி: உட்கார்ந்துதான் இருந்தேன் மாமா.

செட் மாமா: அது தப்பு. நான் 12 வருஷம் பம்பில் நின்றவன், பைக்காரர்களை முதலில் இறங்கத்தான் சொல்வேன். எஞ்சினை நிறுத்தினால் பிளக் பொறி நிற்கும், ஆனால் மலை ஏறி வந்த சைலன்சரின் சூடு உடனே போகாது. பைக்கில் டேங்க் எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கிறது, வழிந்தால் சூட்டில்தான் விழும். அதனால் வாய் வரை அடிக்க விடக் கூடாது. நேற்று பிடித்தது அந்தச் சூட்டிலா வேறு பொறியிலா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

அத்தான்: நம் ஊர்க் குளிருக்கு பெற்றோல் அவ்வளவு லேசில் பிடிக்காதே மாமா?

செட் மாமா: டீசலுக்கு அது ஓரளவு சரி. பெற்றோல் மைனஸ் 40 பாகை அளவிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். நுவரெலியாவில் உறைபனி விழும் நாளிலும் அப்படித்தான். ஆவி காற்றை விடக் கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு பரவும்.

டீச்சர் அக்கா: அப்போ போன்? 2022-இல் பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் காட்ட எல்லோரும் பம்பு பக்கத்திலேயே போனை நீட்டினோமே, ஒன்றும் ஆகவில்லையே.

செட் மாமா: போன் பொறியால் தீ பிடித்தது என்று உறுதியான சம்பவம் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் போன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போனைப் பார்க்கிறவனுக்கு டேங்க் வழிவது தெரியாது, தீ பிடித்தாலும் இரண்டு நொடி தாமதமாகத்தான் பார்ப்பான்.

அத்தான்: அப்படியானால் செட்டில் போன் கூடாது என்ற போர்டு எதற்கு? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

செட் மாமா: சரி, அதை விடுங்கள். தம்பி, தீ பிடித்ததும் பம்பு பையன் என்ன செய்தான்?

சின்னத் தம்பி: பதறி பைப்பை வெளியே இழுத்தான். சொட்டிக்கொண்டே வந்ததால் தரையிலும் தீ. உள்ளே இருந்த அண்ணன் பம்பை நிறுத்தும் பட்டனை அடித்துவிட்டு தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடி வந்தார்.

செட் மாமா: நான் பயந்தது அதுதான். பைப் டேங்கில் இருக்கும்போது தீ அந்த வாயில் மட்டும்தான் எரியும். இழுத்தால் எரிகிற பெற்றோல் ஊற்றும், உன் காலிலும் விழும். பிடியை விட்டாலே பெற்றோல் நிற்கும். பைப்பை அப்படியே விட்டுவிட்டு விலகி, “பம்பை நிறுத்து” என்று கத்த வேண்டும்.

சின்னத் தம்பி: நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

செட் மாமா: எரியும்போது தள்ளாதே, டேங்க் குலுங்கி இன்னும் ஊற்றும். தீ பிடிக்காமல் வெறுமனே வழிந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணாமல் கையால் தள்ளிப் போய், துடைத்து, காய்ந்த பிறகு உதை.

அத்தான்: ஈரச் சாக்கைப் போட்டால் அணையாதா?

செட் மாமா: சின்னத் தீ என்றால் மூடினால் அணையலாம். ஆனால் கை தீக்கு மேலே போக வேண்டும், நான் போக மாட்டேன். தண்ணீர் ஊற்றவே கூடாது, பெற்றோல் அதன் மேல் மிதந்து ஓடும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, சிலிண்டரின் பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். கிட்டே போய் அடித்தால் எரிகிற பெற்றோல் தெறிக்கும். பவுடர் சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையாவிட்டால் ஓட வேண்டியதுதான்.

சித்தி: எங்கள் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் இதே சிலிண்டரா?

செட் மாமா: அணைக்கும் சித்தி, அதை அப்புறம் தனியாகப் பேசுவோம்.

டீச்சர் அக்கா: புல் வெட்டும் மெஷினுக்கு வேனின் பின்னால் கானை வைத்தபடியே அடித்து வாங்குகிறோம். அதுவும் தப்பா?

செட் மாமா: தப்பு. அங்கே ரப்பர் கார்ப்பெட் இருக்கும், சேருகிற நிலைமின்சாரம் தரைக்குப் போக வழியில்லை. கானை இறக்கித் தரையில் வை. பைப் நுனி கான் வாயைத் தொட்டபடி மெதுவாக அடிக்கச் சொல்.

டீச்சர் அக்கா: கான் பிளாஸ்டிக். அப்போதும் தரையில் வைத்தால் போதுமா?

செட் மாமா: முழுசாகப் போகாது, குறையும். பெற்றோலுக்கென்றே செய்த கான் வாங்கு, தண்ணீர் போத்தலில் வாங்கவே வாங்காதே. தம்பி, வண்டி இப்போது எங்கே?

சின்னத் தம்பி: கராஜில். டேங்குக்குக் கீழே வயர் உருகியிருக்கிறதாம், கழற்றிப் பார்க்கிறார்கள்.

செட் மாமா: டேங்க் மூடியின் ரப்பரையும் பார்க்கச் சொல். பார்க்காமல் வண்டியை எடுக்காதே.