பழைய கிளையன்ட்களுக்குக் கட்டணம் உயர்த்த வேண்டும், மெசேஜை எப்படி எழுதுவது?

லெட்ஜர்_மீனா

கரூரில் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி ஃபைலிங்கும் டேலியில் கணக்கு எழுதும் வேலையும் செய்கிறேன். பழைய கிளையன்ட்கள் பதினாறு பேர். ஹோம் டெக்ஸ்டைல், ஸ்டிச்சிங் யூனிட், ஹார்டுவேர் கடை என்று கலவையாக இருக்கிறார்கள். 2019இல் மாதம் 1,500 என்று பேசினோம், இன்றும் அதே 1,500தான். புதிதாக வருகிறவர்களிடம் 2,500 கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள்.

வரும் ஏப்ரலிலிருந்து பழையவர்கள் எல்லோருக்கும் 2,200 ஆக்கலாம் என்று நினைக்கிறேன். பயம் ஒன்றுதான். முதன்முதலில் என்னிடம் வந்த டெக்ஸ்டைல் அண்ணன் மூலமாகத்தான் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அவர் முகம் சுளித்தால் மற்றவர்களும் போய்விடுவார்கள்.

இப்படி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

"வணக்கம் சார். தவறாக நினைக்க வேண்டாம். விலைவாசி ரொம்ப ஏறிவிட்டது. டேலி ரினியூவல், கரண்ட் பில், பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ் எல்லாமே கூடிவிட்டது. முடிந்தால் அடுத்த மாதத்திலிருந்து 2,200 கொடுத்தால் உதவியாக இருக்கும். சரிங்களா?"

---

சேலம்_சரவணன்

கட்டணத்தை ஏற்றவே வேண்டாம், வேலையைக் குறையுங்கள். டர்ன்ஓவர் 5 கோடிக்குள் இருப்பவர்களை எல்லாம் காலாண்டு ரிட்டர்னுக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஃபைலிங், அதே 1,500. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலைதான் மிஞ்சும்.

---

டிசைனர்_நிலா

எனக்கு சிங்கப்பூரில் ஒரே ஒரு பழைய கிளையன்ட். அங்கத்து டாலரிலேயே பேசி வைத்திருப்பதால் நான் எதுவும் கேட்காமலே ரூபாய்க் கணக்கில் வருஷா வருஷம் கொஞ்சம் கூடிவிடுகிறது. நீங்களும் டாலரில் பில் போட முடியுமா?

---

லெட்ஜர்_மீனா

@டிசைனர்_நிலா, எங்கள் ஹார்டுவேர் கடைக்காரர் ஜிபே பண்ணுவதே பெரிய விஷயம்!

---

பழைய_பேரேடு

ஈரோட்டில் இதே தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். மெசேஜுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் கணக்கைப் பாருங்கள் மீனா.

இப்போது பதினாறு பேரிடம் வருவது 24,000. எல்லோருக்கும் 2,200 என்றால், பதினோரு பேர் மட்டும் தங்கினாலே 24,200 வந்துவிடுகிறது. அதாவது ஐந்து பேர் போனாலும் வருமானம் குறையாது, ஐந்து பேருடைய வேலை மட்டும் குறையும். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் குரலே வேறு மாதிரி இருக்கும். ஆனால் போகிற ஐவரில் உங்கள் டெக்ஸ்டைல் அண்ணன் ஒருவர் என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அவரை நம்பி வந்தவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது, எல்லோருக்கும் ஒரே 2,200 என்பதை நான் செய்ய மாட்டேன். 2019இல் மாதம் 40 பில் கொடுத்தவர் இன்றைக்கும் 50 கொடுக்கிறார் என்றால் அவருக்கு 700 ரூபாய் ஏற்றுவது அதிகம். அன்று 60 கொடுத்தவர் இன்று 300 கொடுக்கிறார் என்றால் 2,200 குறைவு. டேலியில் `Statistics` திரையைத் திறந்தால் எந்தக் காலத்துக்கு எத்தனை வவுச்சர் என்று வகைவாரியாக வரும். 2019இல் ஏதாவது ஒரு மாதம், போன வருஷம் அதே மாதம், இரண்டையும் ஆளுக்கு ஆள் எடுத்து எழுதுங்கள். அப்புறம் பில் எண்ணிக்கையை வைத்து மூன்று படி போடுங்கள்.

ஏன் படி என்றால், உங்கள் கிளையன்ட்கள் எல்லோரும் ஒரே ஊர், பாதிப்பேர் ஒரே தெரு. டீக்கடையில் "உனக்கு எவ்வளவு?" என்ற பேச்சு வராமல் இருக்காது. ஒருவருக்கு 1,900, பக்கத்துக் கடைக்கு 2,400 என்றால் காரணம் கேட்பார்கள். "உங்களுக்கு 200 பில், அவருக்கு 80" என்றால் அங்கேயே முடிந்தது. "அவர் கெஞ்சினார், குறைத்தேன்" என்பது தெரிந்தால் மற்ற பதினைந்து பேரும் கெஞ்ச வருவார்கள்.

@சேலம்_சரவணன் சொல்வதில் பாதி சரி. நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கிற கடைக்கு காலாண்டு முறை நன்றாக ஒத்துவரும். ஆனால் இன்னொரு வியாபாரிக்கு விற்கிறவர் என்றால், வாங்கினவர் தனக்கு வரிக் கழிவு காட்டுகிற 2பி பட்டியலில் மாதா மாதம் பில் தெரிய வேண்டும் என்பார். அப்போது காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் விற்ற பில்களை ஏற்றுகிற ஐஎஃப்எஃப் போட வேண்டும், வரியை எப்படியும் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பில் என்ட்ரி எப்படியும் மாதா மாதம் நடக்கும். மூன்றில் ஒரு பங்கு வேலை என்பது நடக்காது.

---

கடைவீதி_ராஜா

நான் எதிர்ப்பக்கம். பாத்திரக்கடை வைத்திருக்கிறேன், கணக்குக்கு மாதா மாதம் காசு கொடுக்கிறவன்.

மேடம், உங்கள் மெசேஜைப் படித்தால் எனக்கு முதலில் தோன்றுவது "சரி, 1,800 வைத்துக்கொள்ளலாம்" என்பதுதான். "முடிந்தால்" என்றும் "உதவியாக இருக்கும்" என்றும் "சரிங்களா" என்றும் நீங்களே கேட்டுவிட்டீர்கள். பேரம் பேசச் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது. ஸ்கூல் ஃபீஸ் எங்களுக்கும்தான் கூடியிருக்கிறது.

விலை ஏறினால் எனக்குக் கோபம் வராது, சரக்கு விலை மாதம் ஒருமுறை ஏறுகிறது. பில் கையில் வந்த பிறகு ஏறியிருப்பது தெரிந்தால்தான் வரும். என்னிடம் முன்பு இருந்தவர் அப்படித்தான் செய்தார், மாற்றிவிட்டேன்.

---

லெட்ஜர்_மீனா

`Statistics` பார்த்தேன். 100 பில்லுக்குள் ஏழு பேர், 250க்குள் ஆறு பேர், அதற்கு மேல் மூன்று பேர். 1,900, 2,400, 3,200 என்று படி போட்டால் மொத்தம் 37,300 வருகிறது. எல்லோருக்கும் 2,200 போட்டாலே 35,200தான்.

சிக்கல் என்னவென்றால், டெக்ஸ்டைல் அண்ணன் மேல்படியில் வருகிறார். 1,500இலிருந்து நேராக 3,200. இருமடங்குக்கும் மேல்! அவருக்கு டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியதால் 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸும் நான்தான் போடுகிறேன், அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

---

பழைய_பேரேடு

அவருக்கு மெசேஜே அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். மேல்படியில் இருக்கிற மூவரையும் நேரில் பார்த்துப் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு மெசேஜ் போக வேண்டும். அவர் வழியாக வந்தவர்கள் கையில் முதலில் மெசேஜ் கிடைத்து, "அண்ணா, உங்களுக்கும் வந்ததா?" என்று அவரைக் கேட்டால், அவருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும்.

ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். 2019 பில் எண்ணிக்கை, இப்போதைய எண்ணிக்கை, இடையில் கூடின வேலை, அவ்வளவுதான். இ-இன்வாய்ஸை அவர் அலுவலகத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்து அங்கேயே போடவைத்தால் எவ்வளவு, நீங்கள் போட்டால் எவ்வளவு என்று இரண்டு தொகை சொல்லுங்கள். குறைக்கச் சொன்னால் வேலையில் ஒரு பகுதியைக் குறையுங்கள், அதே வேலைக்கு விலையைக் குறைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. ஏப்ரல் மாதக் கணக்கிலிருந்து உங்கள் கட்டணம் மாதம் 2,400 ரூபாய். இப்போது 1,500. 2019க்குப் பிறகு இதுதான் முதல் மாற்றம். அப்போது மாதம் 70 பில் வந்தது, இப்போது 200 வருகிறது. பில் என்ட்ரி, 2பி சரிபார்ப்பு, மாத ரிட்டர்ன் இரண்டும் இதில் அடங்கும். ஏப்ரல் 20இல் போடுகிற மார்ச் கணக்கு வரை பழைய கட்டணம்தான். பில்களை உங்கள் கடையிலேயே டேலியில் ஏற்றிக் கொடுத்தால் மாதம் 1,700. எது வசதி என்று மார்ச் 10க்குள் சொல்லுங்கள். பேச வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்."

இதில் "மார்ச் கணக்கு வரை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மார்ச் வேலையை நாம் ஏப்ரலில் செய்கிறோம். வெறுமனே "ஏப்ரல் முதல்" என்று எழுதினால் அவர் ஒரு மாதத்தை நினைப்பார், நீங்கள் ஒரு மாதத்தை நினைப்பீர்கள். முதல் பில்லிலேயே வாக்குவாதம் வரும்.

அனுப்புகிற நாளும் முக்கியம். மாத ரிட்டர்ன்களின் கடைசி நாட்களான 11, 20 தேதிகளை ஒட்டி எதுவும் அனுப்ப வேண்டாம், ரிட்டர்னைப் பிடித்துவைத்துக்கொண்டு காசு கேட்பது போல இருக்கும். பிப்ரவரி 22க்கு மேல் அனுப்புங்கள். ஏப்ரல் காலாண்டுக்கு மாத ரிட்டர்னா காலாண்டு ரிட்டர்னா என்று மாற்றிக்கொள்ள பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை போர்ட்டல் திறந்திருக்கும். காலாண்டு முறை ஒத்துவருகிற ஓரிருவருக்கு அதையும் ஒரு வழியாகச் சொல்ல நேரம் இருக்கும்.

---

சேலம்_சரவணன்

சரி, ஐஎஃப்எஃப் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருமடங்கை ஒரேயடியாக ஏற்றுவது ஆபத்து. டெக்ஸ்டைல்காரருக்கு ஏப்ரலில் 2,400, அக்டோபரில் 3,200 என்று இரண்டு தவணையாகச் சொல்லலாமே.

---

பழைய_பேரேடு

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு மாதத்தில் இரண்டு முறை ஏற்றினார் என்றுதான் அவர் மனதில் நிற்கும்.

---

கடைவீதி_ராஜா

எனக்கென்றால் தவணைதான் பிடிக்கும். இரண்டு தேதியையும் இரண்டு தொகையையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது இரண்டாவது ஏற்றம் இல்லை, முன்பே பேசியது.

இன்னொன்று. மார்ச் 10க்குள் நான் பதில் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பாதி மெசேஜைப் படிப்பதே இல்லை. ஒரு போன் போடுங்கள்.

அப்புறம், ஜிஎஸ்டி போர்ட்டலில் யார் மொபைல் நம்பர் இருக்கிறது? என்னுடையதில் பழைய கணக்குக்காரர் நம்பர்தான் இருந்தது. ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். காசு ஏற்றின அதே சமயத்தில் இது தெரிந்தபோது மாட்டிக்கொண்டது போல இருந்தது.

---

பழைய_பேரேடு

இது நல்ல பாயிண்ட். மெசேஜ் அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் பார்த்துவிடுங்கள் மீனா. உங்கள் நம்பரோ மெயிலோ இருந்தால் நான்-கோர் திருத்தத்தில் அவர்களுடையதாக மாற்றிவிடுங்கள். விலகுகிறேன் என்று யாராவது சொன்னால் டேலி பேக்கப்பை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், பாக்கி இருந்தாலும்.

---

லெட்ஜர்_மீனா

பாக்கி இருந்தாலுமா? ஒருவர் நாலு மாதம் தரவில்லையே.

---

பழைய_பேரேடு

ஆமாம். பாக்கியைத் தனியாகக் கேளுங்கள், அவருக்குக் கட்டண மெசேஜை அது வந்த பிறகு அனுப்புங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் வராது.

---

லெட்ஜர்_மீனா

மார்ச் 12 நிலவரம். மேல்படி மூவரையும் நேரில் பார்த்தேன். இரண்டு பேர் தாளைப் பார்த்துவிட்டு 3,200க்குச் சரி என்றார்கள். டெக்ஸ்டைல் அண்ணன் 2019 எண்ணிக்கையைப் பார்த்துச் சிரித்தார். இ-இன்வாய்ஸைப் பையனே போடட்டும், 2,600 வைத்துக்கொள் என்றார். நான் சொன்ன தொகை 2,700. 100 ரூபாய்க்கு என்ன செய்வது என்று யோசித்து, 2,700தான் என்று சொல்லிவிட்டேன். "சரி பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

மற்றவர்களில் பாக்கிக்காரரை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேருக்கு மெசேஜ் போனது. ஒன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒரு ஹார்டுவேர் கடை கடையிலேயே பில் ஏற்றித் தருகிறேன் என்று 1,700க்கு மாறியது. அவர் ஏற்றுகிற லட்சணத்தைப் பார்த்தால் திருத்துகிற நேரம்தான் அதிகமாகும் போல இருக்கிறது, அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? ஒருவர் விலகிவிட்டார், பேக்கப் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.

---

பழைய_பேரேடு

100 ரூபாயை விட்டுக்கொடுக்காதது சரி. ஹார்டுவேர் கடைக்கு முதல் இரண்டு மாதம் தவறுகளைக் குறித்து அனுப்புங்கள். மூன்றாவது மாதமும் மாதத்துக்குப் பத்து என்ட்ரிக்கு மேல் திருத்த வேண்டியிருந்தால் முழுக் கட்டணம் என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். போன் எடுக்காதவரை 20ஆம் தேதி ஃபைலிங் முடிந்த பிறகு கடையிலேயே போய்ப் பாருங்கள்.