350 ரூபாய் கடை வாடகை: புதுப்பிப்பு

முன்பு கேட்டது: "1978 முதல் கடைக்கு மாதம் 350 ரூபாய்தான் வருகிறது. 2018-இல் மனுப் போட்டோம். நியாய வாடகையை எப்படிக் கணக்கிடுவார்கள்?"

தீர்ப்பு வந்துவிட்டது. மனு, 2019-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுப் புதிய வாடகைச் சட்டத்துக்கு முந்தையது. ஆகவே தமிழ்நாட்டின் பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படியே விசாரித்தார்கள். மனை விலைக்கு அரசின் வழிகாட்டி மதிப்பே போதும் என்றார் ஒரு நண்பர். பாதிதான் சரி. அதே தெருவில் நடந்த விற்பனையின் பத்திர நகலைக் கொடுங்கள் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாதான் எங்களைக் காப்பாற்றினார். சந்தை விலைக்கு அதுவே சான்றானது.

இருநூறு சதுர அடி மனை, அடி 6,000 வீதம் 12 லட்சம். தேய்மானம் கழித்த கட்டடம் 1,20,000. மொத்தம் 13,20,000. கடை என்பதால் ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது 1,58,400, மாதம் 13,200. வீடாக இருந்தால் 9 சதவீதம்தான்.

கட்டடத்தின் வயதுக்காகவே எதிர்த்தரப்பு மணிக்கணக்கில் வாதாடியது. மனையோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை எம்மாத்திரம்!

2020-இல் வாய்மொழியாக வாடகைக்கு விட்ட அக்காவுக்கு: உங்களுடையது 2017 சட்டம், இந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதியுங்கள்.

வாடகைதாரர் மேல்முறையீடு செய்திருக்கிறார். மனு நாளிலிருந்து சேர்ந்த பாக்கி அதுவரை தொங்குகிறது.