பத்து நாள் மருந்தும் ஐந்து நாள் மருந்தும் சமமா?

தேன்மொழி: பத்து நாள் மருந்தை ஐந்து நாளாகக் குறைத்தால் செலவு பாதியாகும். குழுவுக்கு 200 பேரில் பத்து நாள் பிரிவில் 180 பேரும், ஐந்து நாள் பிரிவில் 176 பேரும் குணமடைந்தார்கள். உண்மையில் வேறுபாடே இல்லையென்றாலும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.52. இரண்டும் சமம் என்று எழுதலாமா?

கதிர்: தாராளமாக எழுதலாம். 0.05 என்ற வழக்கமான வரம்பைத் தாண்டிவிட்டது, வேறுபாடு நிரூபணமாகவில்லை.

அருள்மதி: நிரூபணமாகவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இதே விகிதங்கள் குழுவுக்கு 50 பேரிடம் கிடைத்திருந்தால் பி மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கும். ஆட்களைக் குறைக்கக் குறைக்கச் சமத்துவம் உறுதியாகும் என்றால், ஆய்வே செய்யாதவர்தான் முதலில் வெல்வார். நீங்கள் பார்க்க வேண்டியது, உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்று காட்டும் 95% நம்பிக்கை இடைவெளியை. ஐந்து நாள் முறை சுமார் 8 சதவீதப் புள்ளிகள் பின்தங்கியிருக்கலாம், 4 புள்ளிகள் முந்தியும் இருக்கலாம். எவ்வளவு பின்தங்கினால் பொறுப்பீர்கள் என்று தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்தீர்களா? அந்த எல்லை 5 புள்ளி என்றால், உங்கள் ஆய்வு எதையும் காட்டவில்லை. உண்மையில் இரண்டும் 90% குணமளிப்பவை என்றாலும், அதை 80% வாய்ப்புடன் காட்டக் குழுவுக்கு ஏறத்தாழ 565 பேர் தேவை.

கதிர்: எல்லையை 10 என்று வைத்தால் இதே தரவு தேறிவிடுமே. பாதிச் செலவு மிச்சம் என்னும்போது அது நியாயமான விலைதான்.

அருள்மதி: மருந்தே இல்லாமல் எத்தனை பேர் குணமடைவார்கள் என்பதைப் பொறுத்தது அது. 80% பேருக்குத் தானாகவே சரியாகும் நோய் என்றால், பழைய மருந்தின் முழுப் பலனே 10 புள்ளிதான். அங்கே 10 என்ற எல்லை, வெறும் சர்க்கரை மாத்திரைக்கும் கதவைத் திறந்துவிடும். முடிவு தெரிந்த பிறகு எல்லை வகுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பரிசோதகர்: எங்கள் ஆய்வகத்தில் மலிவான ஹீமோகுளோபின் கருவியின் சராசரி, பழையதோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் ஒருவருக்கு இரண்டு கிராம் கூட்டியும் அடுத்தவருக்கு இரண்டு கிராம் குறைத்தும் காட்டியது. சராசரியை நம்பாதீர்கள்.

அருள்மதி: உங்கள் எச்சரிக்கை சரி, ஆனால் அது வேறு கேள்வி. ஒரே ஆளை இரு கருவிகளால் அளக்கும்போது ஒவ்வொருவரின் வித்தியாசமும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே இருப்பவை இரு தனித்தனிக் குழுக்கள்.

தேன்மொழி: எல்லையை முன்கூட்டி எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு. பத்து நாள் பிரிவில் 40 பேர் திருப்பித் தந்த அட்டைகளில் பாதி மாத்திரைகள் அப்படியே இருந்தன. அவர்களை நீக்கிவிடலாமா?

அருள்மதி: உடம்பு தேறியதும் நிறுத்தியிருப்பார்கள். அப்படியென்றால் அந்த 40 பேரும் பெற்றது ஐந்து நாள் மருந்துதான். வேறுபாட்டைத் தேடும் ஆய்வில் இந்தக் கலப்பு உங்களுக்கு எதிராக வேலை செய்யும். சமத்துவத்தைத் தேடும் ஆய்விலோ பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாகிவிடும். எல்லோரையும் சேர்த்து ஒரு முறையும், ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் கொண்டு ஒரு முறையும் கணக்கிட்டு, இரண்டையும் வெளியிடுங்கள்.

கதிர்: நீக்கினால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்ததே வீணாகிவிடும். சீக்கிரம் தேறியவர்கள்தானே நிறுத்தினார்கள்? அவர்களை எடுத்துவிட்டால் பத்து நாள் பிரிவு அநியாயமாக மோசமாகத் தெரியும்.

அருள்மதி: அது உண்மைதான். இரு கணக்குகளும் முரண்பட்டால் எதை நம்புவது என்பதில் எனக்கும் திடமான விடை இல்லை.